புதிய கணினியில் திரையில் படமே வரவில்லை

“புதிதாக i5-12400F ப்ராசஸர், RTX 3060 கார்டு போட்டு அசெம்பிள் செய்தேன். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது. மானிட்டரில் No Signal மட்டும்தான். HDMI கேபிளை யுஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறேன். போர்டு போய்விட்டதா?”

போர்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, பயப்படாதீர்கள். நீங்கள் செருகியது மதர்போர்டின் போர்ட். அது தானாகப் படம் உருவாக்காது; ப்ராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் தருவதை வெளியே கொண்டுவரும் குழாய் மாதிரிதான். உங்கள் ப்ராசஸர் பெயரின் கடைசியில் உள்ள F என்றால் உள்ளே கிராபிக்ஸ் வேலை செய்யாது என்று பொருள். ஆக அந்தப் போர்ட்டில் என்ன செய்தாலும் படம் வராது.

கணினியை அணைத்துவிட்டு பின்பக்கம் பாருங்கள். யுஎஸ்பி, ஆடியோ போர்ட்டுகள் இருக்கும் கூட்டத்துக்குக் கீழே, சாதாரண டவர் கேபினட்டில் படுக்கை வரிசையாகச் சில போர்ட்டுகள் தெரியும். அதுதான் கார்டு. கேபிளை அங்கே மாற்றுங்கள்.

அப்புறமும் வரவில்லை என்றால், பவர் சப்ளையிலிருந்து கார்டுக்குத் தனியாக வரும் கேபிள் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். அதுவும் சரி என்றால் கார்டைக் கழற்றி, ஸ்லாட்டில் க்ளிக் சத்தம் வரும்வரை அழுத்திப் பொருத்துங்கள்.

F இல்லாத i5-12400 வைத்திருப்பவர்களுக்கும் இது நடக்கலாம். கார்டு இருப்பதைக் கண்டதும் பல போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். இரண்டும் வேண்டுமானால் பயாஸில் iGPU Multi-Monitor என்பது போன்ற அமைப்பை இயக்க வேண்டும். பெயர் போர்டுக்குப் போர்டு மாறும்.