அப்பாவுக்குப் படித்துக் காட்டும்போது

"அப்பாவுக்குக் கண் மங்கல். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் 'பொன்னியின் செல்வன்' வாசிக்கிறேன். பாதியில் தூங்கிவிடுகிறார். வேறு புத்தகம் எடுக்கவா?"

முதலில் நேரத்தை மாற்றிப் பாருங்கள். உண்ட மயக்கத்தில் யாருக்குத்தான் தூக்கம் வராது? காலைக் காபிக்கு அப்புறம் ஒரே அத்தியாயம் போதும். வாரப் பத்திரிகைத் தொடராக வந்த கதை என்பதால் பல அத்தியாயங்கள் ஒரு முடிச்சில்தான் நிற்கும், அங்கேயே மூடிவிடுங்கள்.

வயதான காதுக்குக் கத்தினால் புரியாது, தெளிவு வேண்டும். மின்விசிறியைக் குறைத்து, எதிரே உட்கார்ந்து, வாக்கிய முடிவில் கொஞ்சம் நிறுத்துங்கள். உரையாடலில் ஆள் மாறும்போது பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள். மேற்கோள் குறி அவருக்குத் தெரியாதே. மறுநாள் "நேற்று எங்கே விட்டோம்பா?" என்று கேளுங்கள். தடுமாறினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். கடைசிப் பக்கத்தை மறுபடி வாசித்துவிட்டுத் தொடருங்கள்.