கீழாநெல்லிக்கு ஆங்கிலத்தில் எந்தத் தாவரப் பெயரைப் போடுவது?

கேள்வி: சித்த மருத்துவக் குறிப்புகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கிறேன். கீழாநெல்லிக்கு ஒரு இடத்தில் பில்லாந்தஸ் நிருரி, இன்னொரு இடத்தில் பில்லாந்தஸ் அமாரஸ் என்று இருக்கிறது. எது சரி?

பதில்:

தமிழ்நாட்டுச் செடியைக் குறிக்க நிருரி என்று எழுதாதீர்கள். லின்னேயஸ் 1753-இல் அந்தப் பெயரை வைத்தது அமெரிக்கக் கண்டத்துச் செடிக்கு. பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூல்கள் நம் ஊர்ச் செடிகளையும் அதே பெயரில் அடக்கிவிட்டன. 1985-இல் மித்ரா, ஜெயின் என்ற தாவரவியலாளர்கள் அலசிப் பார்த்து, இந்தியாவில் நிருரி என்று எழுதப்பட்டவை உண்மையில் அமாரஸ், ஃப்ரட்டெர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்களின் கலவை என்று காட்டினார்கள். ஆனாலும் பழைய பெயர் மருந்துப் புட்டிகளிலும் இணையப் பக்கங்களிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்காக எல்லா இடத்திலும் அமாரஸ் என்று மாற்றிவிடவும் கூடாது. வயலில் களை பறிப்பவருக்கு மேலே சொன்ன மூன்றுமே கீழாநெல்லிதான்; இலைக்காம்புக்குக் கீழே காய் வரிசையாகத் தொங்கினால் போதும். எனவே மூலம் எந்த வகை எழுத்து என்று முதலில் பாருங்கள்.

வீட்டு வைத்தியக் குறிப்பு அல்லது பழைய ஏடு என்றால் எழுதியவர் இனம் பிரித்துப் பார்த்திருக்க வாய்ப்பில்லை. அவர் சொல்லாத துல்லியத்தை மொழிபெயர்ப்பாளர் ஏற்றக்கூடாது. தமிழ்ப் பெயரையே வைத்து, முதல் முறை வரும்போது மட்டும் பேரினத்தைச் சேருங்கள்:

```
keezhanelli (Phyllanthus spp.)
```

பிறகு ஒரே ஒரு அடிக்குறிப்பு: தமிழ்நாட்டில் இப்பெயரில் பெரும்பாலும் அமாரஸ் வழங்குகிறது, நெருங்கிய வேறு இனங்களும் சேரும்.

ஆய்வுக் கட்டுரை என்றால் கதை வேறு. ஆசிரியர் நிருரி என்று எழுதியிருந்தால் அப்படியே விட்டு, 'மூலத்தில் உள்ளபடி' என்று குறிப்பிடுங்கள். செடியைத் திருச்சியில் பறித்திருந்தாலும் சத்தமில்லாமல் திருத்தாதீர்கள். அவர் கையில் இருந்தது ஃப்ரட்டெர்னஸாகவும் இருந்திருக்கலாம். அப்போது உங்கள் திருத்தம் ஒரு தவறை இன்னொரு தவறாக மாற்றியிருக்கும். பில்லாந்தின் என்ற வேதிப்பொருள் மிகுதியாக இருப்பது அமாரஸில்தான் என்பதால், இனப் பெயர் மாறினால் கட்டுரையின் முடிவே வேறு பொருள் தரும்.

மூலத்தோடு படமோ செடி வருணனையோ இருந்தால் இனத்தை நெருங்க முடியும். பத்து மடங்கு லென்ஸில் பூவிதழை எண்ணினால் அமாரஸில் பொதுவாக ஐந்து, ஃப்ரட்டெர்னஸிலும் டெபிலிஸிலும் ஆறு. அமாரஸில் ஒரே இலைக்கக்கத்தில் ஆண் பூவும் பெண் பூவும் சேர்ந்திருக்கும். மற்ற இரண்டில் கிளையின் அடிப்பகுதியில் ஆண், நுனிப்பக்கம் பெண். காய் காம்பே இல்லாததுபோல் ஒட்டி, மேல்தோல் சொரசொரப்பாக இருந்தால் அது யூரினேரியா, அதாவது நான்காவது இனம். 'கீழே காய்' என்ற ஒரே அடையாளத்தை வைத்து இவற்றைப் பிரிக்க முடியாது. மேலாநெல்லி என்று மூலம் சொன்னால் அது பொதுவாக மதராஸ்பட்டென்சிஸ். அதைக் கீழாநெல்லியோடு ஒன்றாக்கிவிடாதீர்கள்.

அதிகம் பேர் சறுக்குவது ஆங்கிலப் பொதுப்பெயரில். அகராதியில் பார்த்து 'ஸ்டோன்பிரேக்கர்' என்று போடுகிறார்கள். தென்னமெரிக்காவில் 'சங்கா பியெத்ரா' என்று வழங்கும் பெயரின் ஆங்கில வடிவம் அது. அங்கே அந்தச் செடி சிறுநீரகக் கல்லுக்குப் பேர்போனது. நம் ஊரில் கீழாநெல்லி என்றதும் நினைவுக்கு வருவது மஞ்சள் காமாலை. அந்தப் பெயரைப் போட்டால், மூலம் சொல்லாத கல் வைத்தியம் மொழிபெயர்ப்புக்குள் நுழைந்துவிடும்.

இப்படி ஒரு வரி என்று வைத்துக்கொள்வோம்: 'கீழாநெல்லியைச் சமூலமாக அரைத்து நெல்லிக்காய் அளவு மோரில் கலந்து...' இதில் சமூலம் என்றால் வேரோடு முழுச்செடி. இலை மட்டும் என்று சுருக்காதீர்கள். 'நெல்லிக்காய் அளவு' என்பதில் வரும் நெல்லி, பெருநெல்லி மரத்தின் காய். அதுவும் பில்லாந்தஸ் பேரினம்தான் என்பதால், கோப்பு முழுக்க 'நெல்லி'யைத் தேடி ஒரே சொல்லால் மாற்றும் கட்டளை கொடுத்தால் அளவும் மருந்தும் குழம்பும். அளவு வரும் இடத்தை விழுதின் பருமன் என்று புரியும்படி எழுதி, மருந்துக்கு மட்டும் மேலே சொன்ன வடிவத்தைப் பயன்படுத்துங்கள்.

ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும்போது, ஒரே பத்தியில் அமாரஸும் டெபிலிஸும் ஒப்பிடப்பட்டிருந்தால் இரண்டையும் கீழாநெல்லி என்று எழுதினால் ஒப்பீடே காணாமல் போய்விடும். 'சிறுகீழாநெல்லி' என்று புதிதாக ஒரு பெயரை நீங்களாகக் கட்டவும் வேண்டாம். நாளை யாராவது அதை ஊர்வழக்கு என்று அகராதியில் ஏற்றிவிடுவார்கள். 'அமாரஸ் கீழாநெல்லி', 'டெபிலிஸ் கீழாநெல்லி' என்று எழுதுங்கள். கொஞ்சம் கரடுமுரடாகத்தான் ஒலிக்கும். ஆனால் எது எது என்று வாசகருக்குத் தெரியும்.