எம்.பி.ஏ. ஃபீஸ் கம்பெனி கட்டியது, வேலையை விட்டால் மூன்று லட்சமா?

"வணக்கம் சார். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஆட்டோ உதிரிபாகக் கம்பெனியில் ஆறு வருஷமா வேலை பாக்கிறேன். கம்பெனி கல்வி உதவித் திட்டத்துல ஆன்லைன் எம்.பி.ஏ. முடிச்சேன். 2023 ஜனவரில சேர்ந்தேன், ரெண்டு வருஷ பாண்டு, 2025 ஜனவரியோட முடிஞ்சுதுன்னு நினைச்சு இப்ப ரிசைன் பண்ணிட்டேன். 2026 பிப்ரவரி 15 கடைசி நாள். படிச்சு முடிச்சும் ப்ரமோஷன் தரல, எனக்குப் பின்னாடி வந்தவருக்குக் குடுத்தாங்க. பரீட்சைக்கு முந்தின நாள்கூட நைட் ஷிஃப்ட் போட்டாங்க. இப்ப மூணு லட்சம் கட்டினாத்தான் ரிலீவிங் லெட்டர்ங்கறாங்க. பாண்டே செல்லாதுன்னு நண்பர்கள் சொல்றாங்க. கட்டணுமா சார்? திட்டத்தோட நகலையும் பாண்டையும் அனுப்பியிருக்கேன்."

ப்ரமோஷனையும் நைட் ஷிஃப்ட்டையும் ஓரமாக வையுங்கள். வருத்தம் நியாயமாகவே இருக்கட்டும், வழக்கில் அதற்கு ஒரு ரூபாய் மதிப்பும் கிடையாது. கேள்வி ஒன்றுதான்: அந்த 24 மாதம் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது? கோர்ஸில் சேர்ந்த நாளிலிருந்து என்று நீங்களாக முடிவு செய்துகொண்டீர்கள். நீங்கள் அனுப்பிய காகிதங்களில் அப்படி ஒரு வரிகூட இல்லை.

திட்டம் பார்க்கத்தான் பெரிதாக இருக்கிறது, உள்ளே இருப்பது நாலே விஷயம். எந்தப் படிப்புக்குக் காசு என்பது முதலாவது: யு.ஜி.சி. அங்கீகாரம் உள்ள பல்கலைக்கழகத்தின் பட்டமோ பட்டயமோ, வேலையோடு சம்பந்தப்பட்டதாக இருக்க வேண்டும், சேருவதற்கு முன்பே துறைத் தலைவர் எழுத்தில் ஒப்புதல் தந்திருக்க வேண்டும். பலர் மாட்டுவது இங்கேதான். ஆன்லைன் தளங்கள் 'எக்ஸிக்யூட்டிவ்' என்று பெயர் போட்டு விற்கிற சான்றிதழ் கோர்ஸில் சேர்ந்துவிட்டு, அது பட்டமே இல்லை என்று எச்.ஆர். சொன்ன பிறகு முழிப்பார்கள். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை, ஒப்புதல் கடிதமும் இருக்கிறது, தாண்டிப் போவோம்.

இரண்டாவது உச்சவரம்பு. படிப்புக் கட்டணத்தில் 80 சதவீதம், அதுவும் ஒரு நிதியாண்டுக்கு 1,00,000 ரூபாய்க்கு மேல் போகாது. பரீட்சைக் கட்டணம், புத்தகம், தாமத அபராதம் எதற்கும் காசு இல்லை. உங்கள் செமஸ்டர் ஃபீஸ் 60,000. அதில் 80 சதவீதம் 48,000. 2023-24-இல் இரண்டு முறை, 2024-25-இல் இரண்டு முறை, ஆக மொத்தம் 1,92,000. வரம்புக்குள்தான் இருக்கிறது. இந்த 1,92,000-ஐ மனதில் வையுங்கள், நீங்கள் பேச வேண்டிய எண் இதுதான், எச்.ஆர். சொல்லும் மூன்று லட்சம் இல்லை.

மூன்றாவது, தர வேண்டிய ஆதாரங்கள். ரிசல்ட் வந்த 60 நாளுக்குள் ஃபீஸ் ரசீது, பணம் உங்கள் கணக்கிலிருந்து போனதைக் காட்டும் வங்கிப் பக்கம், தேர்ச்சி பெற்ற மார்க் ஷீட், கையெழுத்திட்ட கிளெய்ம் ஃபார்ம். இதை எல்லோரும் பணம் வாங்குவதற்கான தொல்லையாகத்தான் பார்க்கிறார்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் கம்பெனி தாக்கல் செய்யப்போகிற ஆவணக் கட்டு இதேதான். என்ன படித்தீர்கள், எவ்வளவு வாங்கினீர்கள், என்றைக்கு வாங்கினீர்கள் என்று உங்கள் கையெழுத்தோடு நீங்களே தொகுத்துக் கொடுத்திருக்கிறீர்கள்.

அந்த ஃபார்மின் அடியில், கையெழுத்துக்கு மேலே, சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கிறது: தொகை கிடைத்த தேதியிலிருந்து 24 மாதம் பணியில் இருக்கச் சம்மதிக்கிறேன். நான்கு ஃபார்மிலும் இருக்கிறது, நான்கிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நாலாவது விஷயமான பாண்டும் அதையே சொல்கிறது: காலம் கடைசியாகப் பணம் பெற்ற நாளிலிருந்து கணக்கு. ஆக ஒவ்வொரு செமஸ்டர் பணம் வந்தபோதும் கடிகாரம் மறுபடி பூஜ்யத்துக்குப் போயிருக்கிறது. கடைசி 48,000 வந்தது 2025 மார்ச் 15. பாண்டு முடிவது 2027 மார்ச் 15. நீங்கள் விலகும் நாளில் 11 மாதம் முடிந்திருக்கும், 13 மாதம் பாக்கி. 2025 ஜனவரியில் முடிந்துவிட்டது என்ற வாதத்தை என்னிடம்கூடச் சொல்லாதீர்கள்.

சரி, பாண்டு செல்லாது என்ற நண்பர்கள் விஷயம். 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவை வைத்துத்தான் எல்லோரும் இப்படிச் சொல்கிறார்கள். வேலையை விட்ட பிறகு நீ அங்கே சேராதே, இந்தத் தொழில் செய்யாதே என்று தடுப்பதைத்தான் அது அடிக்கும். வேலையில் இருக்கும்போது குறைந்தபட்சக் காலம் இருக்க வேண்டும், போனால் பணம் கட்ட வேண்டும் என்பது வேறு. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருஷத்துக்குள் விலகினால் இரண்டு லட்சம் என்ற நிபந்தனை செல்லும் என்று சொல்லிவிட்டது. அங்கே வங்கி யாருக்கும் படிப்புச் செலவுகூடச் செய்யவில்லை, புது ஆளைத் தேர்வு செய்யும் செலவைத்தான் சொன்னது. உங்கள் கம்பெனியோ கையிலிருந்து பணம் கொடுத்திருக்கிறது.

ஆனால் மூன்று லட்சம் என்று பாண்டில் எழுதியிருப்பதால் மூன்று லட்சமும் கட்டியாக வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அதே சட்டத்தின் 74-வது பிரிவுப்படி ஒப்பந்தத்தில் குறித்த தொகை உச்ச எல்லை மட்டுமே, அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். 2011-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த சிக்பா இந்தியா வழக்கு உங்களுக்கு அப்படியே பொருந்தும். மூன்று வருஷ பாண்டு, குறித்த தொகை இரண்டு லட்சம், கம்பெனி பயிற்சிக்கு உண்மையில் செலவழித்தது 67,595. ஊழியர் இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு விலகினார். கிடைத்தது 22,532 ரூபாய், அதாவது செலவில் மூன்றில் ஒரு பங்கு. உங்கள் கணக்கை அதே மாதிரி போட்டால், 1,92,000-ஐ 24 மாதத்தால் வகுத்தால் மாதம் 8,000. பாக்கி 13 மாதத்துக்கு 1,04,000.

இது சட்டம் தரும் உத்தரவாதம் இல்லை. விஜயா வங்கித் தீர்ப்பைக் காட்டி முழுத் தொகையையும் கேட்கக் கம்பெனி வக்கீலுக்கு வழி இருக்கிறது. அங்கே பொதுத்துறை வங்கி, விளம்பரம் கொடுத்துத் தேர்வு வைத்துத்தான் ஆள் எடுக்க முடியும். இங்கே இழப்பு என்பது கொடுத்த ஃபீஸ், அதற்கு ரசீது இருக்கிறது என்று நாம் பிரித்துக் காட்டலாம். நல்ல வாதம்தான், ஆனால் வாதம்தான்.

இப்போது நீங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூடச் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். பாண்டின் கடைசிப் பக்கத்தில் இரண்டு செக் நம்பர் இருக்கிறது. கையெழுத்து மட்டும் போட்டு, தொகையும் தேதியும் எழுதாமல் கொடுத்திருக்கிறீர்கள், இல்லையா? என்னிடம் வருகிறவர்கள் மூழ்குவது பாண்டில் இல்லை, இதில்தான். கோபத்தில் சொல்லாமல் கிளம்பிவிடுவார்கள், போனை எடுக்க மாட்டார்கள், கம்பெனி செக்கில் மூன்று லட்சம் என்று எழுதி வங்கியில் போட்டுவிடும். திரும்பிவிட்டால், அதுவரை பணத் தகராறாக இருந்தது மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவில் குற்ற வழக்காகிவிடும். வங்கியின் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் உங்களுக்குக் கிடைத்த 15 நாளுக்குள் நீங்கள் பணம் கட்டாவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட். தண்டனை இரண்டு வருஷம் வரை சிறை அல்லது செக் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

வெற்றுச் செக்தானே, நான் தொகை எழுதவே இல்லையே என்றால் தப்ப முடியாது. விருப்பத்தோடு கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுச் செக்குக்கும், கடனுக்காகவே கொடுத்தது என்ற சட்டத்தின் அனுமானம் பொருந்தும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது; கடன் இல்லை என்று காட்டும் சுமை உங்கள் தலையில். 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்தாலும் சரி, கணக்கையே மூடினாலும் சரி, 138 வரும், பல நேரம் அது ஓடி ஒளிந்த மாதிரித்தான் தெரியும். கூடவே வழக்கு நடக்கும்போதே செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. மூன்று லட்சத்துக்கு அது அறுபதாயிரம்.

இதற்கு ஒரு தற்காப்பு இருக்கிறது. கடனில் ஒரு பகுதியைக் கட்டிய பிறகு, அதைச் செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டால் 138 நிற்காது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனால் நீங்கள் கட்டப்போகும் தொகை எதுவானாலும் செக் வங்கிக்குப் போவதற்கு முன்பு, வங்கி வழியாக, 'கல்வி உதவி பாண்டு பாக்கி' என்று குறிப்பு எழுதிக் கட்டுங்கள். கையில் பணமாகக் கொடுக்க வேண்டாம்.

நேராகச் சொல்கிறேன், சண்டை போடாதீர்கள், தீர்த்துக்கொள்ளுங்கள். சம்பள பாக்கிக்கும் ரிலீவிங் லெட்டருக்கும் நீங்களும் வழக்குப் போடலாம், ஒருவேளை ஜெயிக்கவும் செய்யலாம், ஆனால் புதுக் கம்பெனியின் சேரும் தேதி அதுவரை காத்திருக்காது. எச்.ஆர்.க்கு ஒரே ஒரு மெயில் போடுங்கள். அதில் மேனேஜர், ப்ரமோஷன், ஷிஃப்ட் எதுவும் வேண்டாம், 'எவ்வளவானாலும் கட்டுகிறேன்' என்ற வரியும் வேண்டவே வேண்டாம், அந்த ஒரு வரியை ஒப்புதலாகக் காட்டி முழுத் தொகை கேட்டதைப் பார்த்திருக்கிறேன். பெற்றது 1,92,000, முடிந்தது 11 மாதம், பாக்கி 13 மாதம், வழக்குக்குப் போகாமல் தீர்க்க 1,04,000 தரத் தயார் என்று மட்டும். அந்தப் பணம் சம்பளத்தோடு வந்து வரி பிடித்திருந்தால் சம்பளச் சீட்டைப் பாருங்கள், கைக்கு வந்தது குறைவு என்பது பேரத்துக்கு உதவும். கம்பெனி 1,20,000 வரை இறங்கி வந்தால் ஒத்துக்கொள்ளுங்கள். பாண்டைப் புதுக் கம்பெனி ஏற்குமா என்றும் கேட்டுப் பாருங்கள், நோட்டீஸ் காலத்தை வாங்குகிறவர்கள் சில நேரம் இதையும் வாங்குவார்கள்.

பி.எஃப். பணத்தைப் பிடித்து வைப்போம் என்று மிரட்டினால் கண்டுகொள்ளாதீர்கள், அதில் கம்பெனி கை வைக்க முடியாது. ஆறு வருஷம் ஆகிவிட்டதால் கிராஜுவிட்டியும் உங்களுக்கு உண்டு, பாண்டை மீறியதற்காக அதைப் பறிமுதல் செய்யச் சட்டத்தில் இடமில்லை. கடைசிக் கணக்குத் தாளில் இரண்டும் பாண்டுத் தொகைக்காகக் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

பணம் கட்டும் அன்றே 'நோ டியூ' கடிதம் வாங்குங்கள். அதில் இரண்டு செக்கின் நம்பரும் எழுதி, அவை திருப்பித் தரப்பட்டன என்று இருக்க வேண்டும். செக்கைப் பிறகு தேடித் தருகிறோம் என்றால் மீதிப் பணத்தையும் பிறகு தருகிறேன் என்று சொல்லுங்கள்.