ஒரே 100 கிராம் எடைக்கல்லுக்கு ரெண்டு லேப் ரெண்டு வேல்யூ குடுத்திருக்காங்க, எந்த சர்டிஃபிகேட்டை நம்புறது?

வேல்யூவ மட்டும் வச்சு சொல்ல முடியாதுங்க, பக்கத்துல ± போட்டு அன்சர்ட்டன்ட்டி, அதாவது அளவு எவ்வளவு முன்னப்பின்ன இருக்கலாம்னு என்ன இருக்கு, அது எந்த k-க்கு, அதாவது அடிப்படை அன்சர்ட்டன்ட்டிய எத்தனை மடங்கு பண்ணிப் போட்டதுன்னு பாக்கணும்.

எனக்கும் இதே தலைவலி வந்துச்சு. முதல் லேப் 100.00005 கிராம், ± 0.05 மி.கி., k = 2, சுமார் 95% நம்பக அளவுன்னு தெளிவா போட்டிருந்தாங்க. ரெண்டாவது லேப்ல 100.00015 கிராம், ± 0.06 மி.கி., அவ்வளவுதான், k பத்தி மூச்சே இல்ல. சரி k = 2-ஆ தான் இருக்கும்னு நானே நினைச்சுக்கிட்டு, ரெண்டு வேல்யூவும் ஒத்துப்போகுதான்னு பாக்குற En-ஐ கணக்கு போட்டேன், இதுல x லேப் குடுத்த வேல்யூ, U அந்த ± அளவு:

```
En = (x2 - x1) / √(U1² + U2²)
   = 0.10 / √(0.05² + 0.06²) ≈ 1.28
```

இது 1-க்குள்ள இருந்தா ரெண்டும் ஒத்துப்போகுதுன்னு அர்த்தம், 1.28 வந்ததும் யாரோ தப்பு பண்ணிருக்காங்கன்னு முடிவே பண்ணிட்டேன். அப்புறம் போன் பண்ணி கேட்டா, "சார் அது k = 1 தான்"னு சாவகாசமா சொல்றாங்க! அப்போ k = 2-க்கு அது 0.12 ஆயிடும், திரும்ப போட்டா 0.10 / 0.13, அதாவது 0.77. சண்டையே இல்ல. ஒரு எழுத்த விட்டதுக்கு ரெண்டு நாள் வீணா போச்சு, திருத்தின சர்டிஃபிகேட் வாங்கித்தான் ஃபைல்ல வச்சேன்.

அடுத்தது டிரேசபிலிட்டி. "தேசியத் தரநிலைக்கு டிரேசபிள்"னு ஒரு வரி எல்லாரும் அச்சடிச்சிருப்பாங்க, அத மட்டும் பாத்து திருப்தியாகாதீங்க. உங்க கல்லோட ஒப்பிட்ட ரெஃபரன்ஸ் கல்லு எது, அதோட சர்டிஃபிகேட் நம்பர், தேதி, அத யாரு காலிப்ரேட் பண்ணாங்கன்னு கேளுங்க. அங்கிருந்து மேல கிலோகிராம் வரைக்கும் நடுவுல ஒரு கண்ணியும் அறுந்திருக்கக் கூடாது, ஒவ்வொரு கண்ணியிலயும் அதோட அன்சர்ட்டன்ட்டி இருக்கணும், கீழ வர வர, எடைக்கு விகிதமா பாத்தா, அது கூடுமே தவிர குறையாது.

இதுலயே ஒரு நல்ல சோதனை இருக்கு. அதே 100 கிராம் ரெஃபரன்ஸ் கல்லோட U 0.08 மி.கி., உங்க கல்லுக்கு மட்டும் 0.03 மி.கி.ன்னு, ரெண்டும் k = 2-க்கு போட்டிருந்தா அது நடக்கவே நடக்காது, ரெஃபரன்ஸோட பங்கு உள்ள சேர்ந்தே ஆகணும்ல? தராசோட டிஸ்ப்ளேல தெரியுற கடைசி இலக்கத்தையே அன்சர்ட்டன்ட்டின்னு எழுதிடுற ஆளுங்க கிட்ட இப்படித்தான் வரும். லேபுக்கு அக்ரெடிடேஷன் இருந்தா அவங்க ஸ்கோப்பையும் எடுத்துப் பாருங்க, அதுல இருக்கிற சிஎம்சி, அதாவது அவங்களால குடுக்க முடிஞ்ச மிகச் சின்ன U, அத விட சின்ன U-வ அக்ரெடிடேஷன் லோகோ போட்ட சர்டிஃபிகேட்ல அவங்க குடுக்கக் கூடாது.

இவ்ளோ பாத்தும் En 1-ஐத் தாண்டுதுன்னா, ரெண்டு அளவீட்டுக்கும் நடுவுல கல்ல யாராவது வெறுங்கையால தொட்டாங்களான்னு முதல்ல விசாரிங்க, விரல் அழுக்கே இந்த 0.1 மி.கி.க்கு தாராளமா போதும்.