நாட்குறிப்பில் படிக்க முடியாத இடங்கள்: ஒரு தொண்டூழியரின் பதில்கள்

குடும்ப நாட்குறிப்புகளை எங்கள் அரும்பொருளகத்திற்கு வழங்கியவர்களுக்கு வணக்கம். அவற்றைப் படியெடுக்கும் தொண்டூழியர் நான். நீங்கள் கேட்டனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

அப்பாவின் 1941 நாட்குறிப்பில் ஒரு ஊர்ப்பெயரைப் பூச்சி தின்றுவிட்டது. அது சிதம்பரம்தான். எங்கள் ஊர் எனக்குத் தெரியாதா? எழுதிவிடுங்கள்.

உங்கள் நினைவை நான் சந்தேகிக்கவில்லை, ஐயா. ஆனால் தாளில் எஞ்சியிருப்பது 'ரம்' மட்டுமே. ஓட்டையின் அகலத்தை அதே பக்கத்தின் மற்ற வரிகளோடு ஒப்பிட்டால், நான்கு எழுத்துகள் போயிருக்கலாம் என்று தெரிகிறது. அந்த இடத்தில் சிதம்பரம் பொருந்தும், விழுப்புரமும் பொருந்தும். ஆகவே '[சேதம், சுமார் 4 எழுத்து]ரம் போய்ச் சேர்ந்தேன்' என்று எழுதுவேன். அடிக்குறிப்பில் 'சிதம்பரம் என்கிறார் எழுதியவரின் மகன்' என்று சேர்ப்பேன். தாள் சொல்வதும் நீங்கள் சொல்வதும் கலந்துவிட்டால், பின்னால் வருபவரால் இரண்டையும் பிரிக்கவே முடியாது.

சதுர அடைப்புக்குறி வந்தாலே படிக்க முடியாத இடம் என்று தங்கையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சரிதானே?

பாதி சரி, அம்மா. அதற்குள் இருப்பது எழுதியவரின் சொல் அல்ல, எங்களுடையது என்பதே பொருள். '[கடன்?]' என்றிருந்தால், 'கடன்' என்று படித்தோம், உறுதியில்லை என்று கொள்ளுங்கள். படிக்கவே முடியாத இடத்தில் காரணத்தையும் எழுதுகிறோம்: '[சேதம்]' அல்லது '[மங்கல்]'. இந்த வேறுபாடு முக்கியமானது. இரும்பு கலந்த பழைய மை மங்கியிருந்தால், புற ஊதா ஒளியில் மீண்டும் தெரியக்கூடும். ஓட்டைக்கு எந்த ஒளியும் உதவாது. எந்தப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்பதை அந்த ஒரு சொல்லே காட்டிக்கொடுத்துவிடும்.

தமிழ் எண்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஒன்று 'க' போலவும் ஏழு 'எ' போலவும் இருக்கும். கறைக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் 'க' தொகையா, எழுத்தா என்று தெரியாவிட்டால் இரண்டையுமே அடைப்புக்குறிக்குள் தருகிறேன்.

தாத்தா ஆண்டை 2603 என்று தவறாக எழுதியிருக்கிறார். படிக்க முடியவில்லை என்று போட்டுவிடலாமே?

அது தெளிவாகவே படிக்க முடிகிறது, தவறும் இல்லை. ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர் சியோனான் ஆனபோது, அவர்களுடைய ஆண்டுக்கணக்கும் கூடவே வந்தது. 2603 என்றால் 1943. அப்படியே விடுகிறேன்.

பாட்டி சில வரிகளை அவரே கறுப்பாக அடித்திருக்கிறார். அதையும் விளக்கு வைத்துப் படித்துவிடுவீர்களா?

கோட்டுக்கு அடியில் எழுத்து தெரிந்தால், கோட்டோடு சேர்த்தே படியெடுப்போம். உங்கள் பாட்டியோ ஒன்றும் தெரியாதபடி அடித்திருக்கிறார். இப்போதைக்கு '[எழுதியவரே அடித்தது, 2 வரி]' என்று மட்டும் குறித்திருக்கிறேன். பின்னாலிருந்து ஒளி பாய்ச்சினால் சில சொற்கள் கிடைக்கக்கூடும். செய்யலாமா என்பதில் எங்கள் குழுவுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. மறைக்க விரும்பியவரின் விருப்பத்தை மதிக்க வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் காலத்துப் பெண்கள் எழுதியது அரிது, ஒரு வரியையும் இழக்கக்கூடாது என்பது மற்றவர்கள் வாதம். உங்கள் வீட்டார் கலந்து பேசி எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை அந்தப் பக்கத்தின் மேல் விளக்கு வைக்க மாட்டேன்.