புகைப்படத்தில் இருக்கும் பட்டைகளை எண்ணாக்குவது எப்படி? கேள்வி பதில்

பள்ளி ஆசிரியை: தமிழ்நாட்டின் 1991, 2001, 2011 மக்கள்தொகையைக் காட்டும் பட்டை விளக்கப்படத்தைக் கைபேசியில் எடுத்து அனுப்பியிருக்கிறேன். பட்டைகளின் மேல் எண்கள் இல்லை. கடைசிப் பத்தாண்டில் எத்தனை விழுக்காடு கூடியது என்று படத்திலிருந்தே சொல்ல முடியுமா, ஐயா?

முடியும், அம்மா. படத்தைக் கணினியில் பெயின்ட் செயலியில் திறந்து சுட்டியை நகர்த்தினால் கீழ் ஓரத்தில் இரண்டு எண்கள் ஓடும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அது மேலிருந்து கீழாக எண்ணப்படுவதால், பட்டை உயர உயர எண் குறையும். முதல்முறை அளப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

உங்கள் படத்தின் இடது அச்சில் 5 கோடிக் கோடு 1840-இல் இருக்கிறது; 8 கோடிக் கோடு 640-இல். மூன்று கோடிக்கு 1200 பிக்சல் என்றால் ஒரு கோடிக்கு 400. சுட்டி நிற்கும் எண்ணை y என்று வைத்துக்கொண்டால்:

```
மதிப்பு (கோடி) = 5 + (1840 - y) / 400
```

2001 பட்டையின் உச்சி 1344-இல் நிற்கிறது, அது 6.24 கோடி. 2011-இன் உச்சி 954, அது 7.215 கோடி. கூடுதல் 0.975. அதை 6.24-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 15.6 விழுக்காடு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் 6,24,05,679, 7,21,47,030. அவற்றிலும் 15.6 தான் வருகிறது.

கல்லூரி மாணவர்: அண்ணா, இவ்வளவு சுற்று எதற்கு? இரண்டு பட்டைகளின் உயரத்தை மட்டும் அளந்தேன்: 496, 886. வகுத்துப் பார்த்தால் 79 விழுக்காடு உயர்வு வருகிறதே.

உங்கள் அளவில் பிழை இல்லை தம்பி, பட்டையின் அடியைத்தான் பார்க்கவில்லை. அச்சு சுழியத்தில் தொடங்கினால் உங்கள் குறுக்குவழி சரி. நானும் அப்படித்தான் செய்வேன். இந்தப் படம் 5 கோடியில் தொடங்குகிறது. இரண்டு பட்டையிலும் அடியில் ஐந்து கோடிப் பேர் வெட்டப்பட்டிருக்கிறார்கள். மிச்சத்தை மட்டும் ஒப்பிட்டதால் 15.6 என்பது 79 ஆகிவிட்டது.

ஓய்வுபெற்ற கணக்கர்: கால்குலேட்டரில் 15.625 வருகிறது. அறிக்கையில் அப்படியே எழுதலாமா?

வேண்டாம். இந்தப் படத்தில் ஒரு பிக்சல் என்பது 25,000 பேர். பட்டையின் விளிம்பைப் பெரிதாக்கிப் பாருங்கள்: நிறம் சட்டென்று முடியாமல் நான்கைந்து பிக்சல் மங்கலாகக் கரையும். ஒரு பட்டையை நான்கு பிக்சல் மேலேயும் மற்றொன்றைக் கீழேயும் பிடித்தால் விடை 15.3 முதல் 16.0 வரை எங்கும் போகும். ‘ஏறத்தாழ 15.6’ என்பதற்கு மேல் ஒரு இலக்கமும் சேர்க்காதீர்கள்.

செய்தியாளர்: நான் எடுத்த படம் சாய்ந்திருக்கிறது. சுவரில் உயரத்தில் மாட்டியிருந்ததைக் கீழே நின்று எடுத்தேன்.

முதலில் கோடுகளுக்கு இடையிலான தூரத்தை அளந்து பாருங்கள். 5-க்கும் 6-க்கும் இடையே 430, 6-க்கும் 7-க்கும் 400, 7-க்கும் 8-க்கும் 372 என்று சுருங்கிக்கொண்டே போனால் மேற்பகுதி காமிராவுக்குத் தொலைவில் இருந்திருக்கிறது. அப்போது மொத்த நீளத்துக்கு ஒரே கணக்கு செல்லாது. கிம்ப் செயலியின் Perspective கருவியால் நான்கு மூலைகளையும் பிடித்து நேரான செவ்வகமாக்கலாம்.

புத்தகத் தாள் வளைந்திருந்தால் அதுவும் உதவாது. அப்போது நான் செய்வது இதுதான்: பட்டையின் உச்சிக்குச் சற்று மேலும் கீழும் உள்ள கோடுகளை, இடது அச்சில் அல்ல, அந்தப் பட்டையின் அருகிலேயே அளந்து, இடையில் உச்சி எந்தப் பங்கில் நிற்கிறது என்று பார்ப்பேன். நேரம் பிடிக்கும், ஆனால் சாய்வும் வளைவும் பெருமளவு அடிபட்டுப்போகும். ஒருமுறை இதைச் செய்யச் சோம்பி, ஏறியிருந்த ஒரு எண்ணை இறங்கியதாக எழுதிக்கொடுத்து அசடு வழிந்திருக்கிறேன்.

தன்னார்வலர்: என் படம் எழுத்தறிவு பற்றியது. 2001-இல் 73.45, 2011-இல் 80.09. எண்கள் அச்சாகியே இருக்கின்றன. கழித்தால் 6.64 விழுக்காடு உயர்வு, சரிதானே?

உங்களுக்கு அளக்கும் வேலையே இல்லை. ஆனால் அது 6.64 விழுக்காட்டுப் புள்ளிகள். விழுக்காடு உயர்வு என்று எழுதினால் 6.64-ஐ 73.45-ஆல் வகுக்க வேண்டும். ஏறத்தாழ 9 வரும். இரண்டும் சரியான எண்களே. எதைச் சொல்கிறீர்கள் என்பதை வாக்கியத்தில் எழுதிவிடுங்கள்.

ஆசிரியை மீண்டும்: இன்னொரு படத்தில் பட்டைகள் பெட்டிபோல முப்பரிமாணத்தில் இருக்கின்றன. முன்விளிம்பை அளப்பதா, பின்விளிம்பையா?

கோடுகள் பின்சுவரில் வரையப்பட்டிருந்தால் முன்விளிம்பு குறைத்துக் காட்டும். அதனால் பின்விளிம்பை எடுப்பேன். ஆனால் பட்டை சுவரை ஒட்டி நிற்கிறதா, இடைவெளி விட்டு நிற்கிறதா என்பது படத்துக்குப் படம் மாறும். ஒரு பட்டையின் உண்மை எண்ணாவது வேறு வழியில் தெரிந்தால் அதை வைத்துச் சோதிக்கலாம். உங்கள் படத்தில் அப்படி ஏதாவது பட்டை இருக்கிறதா?

ஆசிரியை: ஒன்றுகூட இல்லை.

அப்படியானால் இரண்டு விளிம்புகளிலும் கணக்கிட்டு, வரும் இரண்டு விடைகளையும் எழுதிவையுங்கள்.