இனிப்பு நீர் உள்ள கர்ப்பிணியிடம் முதலில் என்ன கேட்பது?

கேள்வி: டாக்டர், நான் சமூகத் தாதிப் பயிற்சி மாணவி. இப்போது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு கிளினிக்கில் பயிற்சி. கர்ப்பகால இனிப்பு நீர் உள்ள தாய்மார்களுக்கு ஆலோசனை சொல்ல என்னை உட்கார வைக்கிறார்கள். பெரும்பாலும் தோட்டத்திலிருந்து வந்து டவுனில் குடியேறிய நம் பெண்கள். "சீனி வேண்டாம், சோற்றைக் குறைங்க" என்று பத்து நிமிடத்தில் முடித்துவிடுகிறேன். அவர்களும் தலையாட்டுகிறார்கள். அடுத்த முறை அதே எண்தான் வருகிறது. எங்கள் வகுப்புக்கே பயன்படுகிற மாதிரி ஓர் ஆலோசனை வரைவு சொல்ல முடியுமா?

பதில்: சோற்றில் தொடங்காதீர்கள். நேற்று எழுந்ததிலிருந்து படுக்கிற வரை என்னென்ன வாயில் போனது, எத்தனை மணிக்கு, யார் சமைத்தது, யார் வாங்கிக் கொடுத்தது என்று அவரையே சொல்ல விடுங்கள். குறுக்கே பேசாமல் எழுதிக்கொள்ளுங்கள். "இனிப்பு சாப்பிடுவீங்களா?" என்று கேட்டால் "இல்ல மிஸ்ஸி" என்றுதான் பதில் வரும். "காலைல முதல்ல என்ன குடிப்பீங்க?" என்று கேட்டால் உண்மை வரும்.

ஒரு தாயை எடுத்துக்கொள்வோம். வயது 31, இரண்டாவது பிள்ளை, தொழிற்சாலையில் காலை ஷிப்ட். 26 வாரத்தில் சர்க்கரைத் தண்ணீர் பரிசோதனை செய்தார்கள்: 75 கிராம் குளுக்கோஸ் குடிப்பதற்கு முன் லிட்டருக்கு 4.9 மில்லிமோல், இரண்டு மணி நேரம் கழித்து 8.9. மலேசியாவில் வெறும் வயிற்றில் 5.1 அல்லது அதற்கு மேல், இரண்டு மணி நேரத்தில் 7.8 அல்லது அதற்கு மேல், இந்த இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தாலே கர்ப்பகால இனிப்பு நீர் என்று கணக்கு. ஆக இவருக்கு இரண்டாவது எண்ணால் வந்தது. இதை அவரிடம் சொல்ல வேண்டும். வெறும் வயிற்றில் உடம்பு சமாளிக்கிறது, சாப்பிட்டதும் திணறுகிறது என்பதுதான் அதன் பொருள்.

அவர் நாளைச் சொன்னார். காலை ஆறு மணிக்கு டின் பால் போட்ட மைலோ, நாலு பிஸ்கட். ஒன்பதரைக்கு கேண்டீனில் ரொட்டி சானாய் ஒன்று, தே தாரிக். மதியம் வீட்டிலிருந்து கொண்டுபோன சோறு, மீன் கறி, கீரை. ஐந்து மணிக்குத் தேத்தண்ணி. இரவு எட்டு மணிக்கு மாமியார் சமைத்த சோறு, பருப்பு, பொரியல்.

பிறகு வீட்டில் நாலு முறை விரலைக் குத்திப் பார்த்த கணக்கு, அதாவது பி.எஸ்.பி. பசியாறுவதற்கு முன் 5.0. காலை மைலோவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து 8.8. மதியச் சோற்றுக்குப் பின் 6.5. இரவுச் சோற்றுக்குப் பின் 6.3. பொதுவாக வைக்கும் இலக்கு, வெறும் வயிற்றில் 5.3க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 6.7க்குள். இப்போது எண்களைப் பாருங்கள். சோறு சாப்பிட்ட இரண்டு வேளையும் சரியாகத்தான் இருக்கின்றன. இவரிடம் போய் "சோற்றைக் குறைங்க" என்றால், சரியாக இருப்பதைக் குறைக்கச் சொல்கிறோம். தப்பாக இருப்பது அப்படியே இருக்கும். அவரும் பசியோடு ஒரு வாரம் கிடந்துவிட்டு, அதே 8.8ஐ எடுத்துக்கொண்டு வருவார்.

காலையில் ஏன் இப்படி? விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறுகின்றன. இன்சுலின் அந்த நேரத்தில் மந்தமாகத்தான் வேலை செய்யும். மதியம் தாங்குகிற அதே மாவுச்சத்தைக் காலையில் உடம்பு தாங்காது. அதோடு இரண்டு மேசைக்கரண்டி டின் பாலில் மட்டும் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கிறது. மைலோவின் சொந்த இனிப்பும் பிஸ்கட்டும் தனி. குடிக்கிற இனிப்பு, கடிக்கிற இனிப்பைவிட வேகமாக ரத்தத்தில் ஏறும். ஒன்பதரை மணி ரொட்டி சானாய்க்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. அதையும் ஒரு நாள் பார்க்கச் சொன்னால் 8.1 வந்தது.

எனவே ஆலோசனை காலை வேளைக்கு மட்டும். ஆறு மணிக்குச் சீனியில்லாத தேத்தண்ணியில் கொஞ்சம் சாதாரணப் பால், முழுக்கோதுமை ரொட்டி இரண்டு துண்டு, அவித்த முட்டை ஒன்று. ஒன்பதரைக்கு இட்லி இரண்டு, சாம்பாரில் பருப்பைக் கூட்டி. தே தாரிக்குக்குப் பதில் தே ஓ, சீனி இல்லாமல். ஒரு துண்டு ரொட்டி, ஒரு இட்லி, அரைக் கப் சோறு எல்லாம் மாவுச்சத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவுதான், 15 முதல் 20 கிராம். இதை ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டால் அவர்களே மாற்றிப் போட்டுக்கொள்வார்கள். மதியமும் இரவும் "சுக்கு சுக்கு செபாரோ" தட்டு, கால் பங்கு சோறு, கால் பங்கு மீன் அல்லது முட்டை அல்லது தவு, பாதி காய்கறி. அது அவருக்குப் பழக்கத்திலேயே இருக்கிறது, அதனால் அதைப் பாராட்டிவிட்டு நகருங்கள். சாப்பிட்ட பின் பத்துப் பதினைந்து நிமிட நடை. அடுத்த வாரம் காலை எண்கள் 6.6, 6.4.

ஒன்று கவனியுங்கள். மாவுச்சத்தை முழுக்க வெட்டச் சொல்லாதீர்கள். கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 175 கிராமாவது வேண்டும் என்பது பொதுவான வழிகாட்டல். "சோறே சாப்பிடறதில்ல மிஸ்ஸி" என்று பெருமையாகச் சொல்பவரின் எடை ஏறுகிறதா, சிறுநீரில் கீட்டோன் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொரு சங்கதி, பரிசோதனை நாள் சாப்பாடு. பி.எஸ்.பி. பார்க்கிற நாளில் மட்டும் பத்தியம் இருந்து, மற்ற நாட்களில் பழையபடி சாப்பிடுவது நம் ஊரில் ரொம்ப சகஜம். எண்கள் எல்லாம் அழகாக இருக்கும், ஸ்கேனில் குழந்தையின் வயிற்றுச் சுற்றளவு மட்டும் வாராவாரம் மேலே போய்க்கொண்டிருக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் குளுக்கோமீட்டரைக் கையில் வாங்கி அதன் நினைவகத்தைப் பாருங்கள், புத்தகத்தில் எழுதியதை மட்டும் நம்பாதீர்கள். திட்டுவதற்காக இல்லை. "சும்மா இருக்கிற நாள்ல பாருங்க, வெளியில சாப்பிட்ட நாள்ல பாருங்க, எனக்கு அந்த எண்தான் வேணும்" என்று சொல்லிவிட்டால் பயம் போய்விடும். கையைக் கழுவித் துடைத்த பிறகு குத்தச் சொல்லுங்கள். பழம் உரித்த விரல் பொய்யாக ஏற்றிக் காட்டும். இரண்டு மணி நேரத்தைச் சாப்பிட ஆரம்பித்த நேரத்திலிருந்து எண்ண வேண்டும்.

வளைகாப்பு பற்றியும் கேட்டு வையுங்கள். பலருக்கு இந்த நோய் கண்டுபிடிக்கிற அதே ஏழாம் மாதத்தில்தான் வளைகாப்பும் கலவைச் சாதமும் வரும். தடுக்காதீர்கள், முடியவும் முடியாது. எல்லா வகையும் ஒரு கரண்டி ருசி பார்க்கலாம், பாயசம் மட்டும் அரைக் கிண்ணம், அன்றைக்கு அளந்து பார்க்கட்டும். மாமியாரையும் ஒரு நாள் கூட்டி வரச் சொல்லுங்கள். "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று தட்டில் சோறு போடுகிற கை அவருடையதுதான். அவரிடம் நேராக இதைச் சொல்லலாம்: அம்மாவின் ரத்தச் சர்க்கரை குழந்தைக்குப் போகும், அம்மாவின் இன்சுலின் போகாது. குழந்தை தன் இன்சுலினைக் கூட்டிச் சுரந்து அந்தச் சர்க்கரையைக் கொழுப்பாக வைத்துக்கொள்ளும். பிள்ளை பெரிதாகி, பிரசவத்தில் தலை வந்து தோள் மாட்டிக்கொள்ளலாம். பிறந்ததும் அம்மாவின் சர்க்கரை நின்றுபோகும், குழந்தையின் இன்சுலின் மட்டும் அதிகமாக இருக்கும், அதனால் குழந்தைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கும். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்கச் சொல்வதும், குழந்தையின் குதிகாலில் குத்திப் பார்ப்பதும் இதற்குத்தான். எத்தனையோ மாமியார்கள் இதைக் கேட்ட பிறகு தாங்களே டின் பாலை எடுத்து வைத்துவிடுகிறார்கள்.

நம் தாய்க்குத் திரும்புவோம். 32 வாரத்தில் காலை வெறும் வயிற்று எண் 5.6, 5.8, 5.7 என்று ஏறுகிறது. சாப்பாட்டுக்குப் பிந்தைய எண்கள் நன்றாகவே இருக்கின்றன. அவர் தானாக ஒரு முடிவு எடுத்துவிட்டார்: இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். இங்கேதான் புது மாணவர்கள் தடுமாறுவார்கள், நல்ல முயற்சி என்று தட்டிக் கொடுத்துவிடுவார்கள். இது தவறு. இரவு முழுக்க கல்லீரல் தானாகச் சர்க்கரை விடுகிறது. நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் கூடக் கூட, அதைக் கட்டுப்படுத்த இன்சுலின் போதாமல் போகிறது. இரவுப் பட்டினியால் அது நிற்காது. கொழுப்பு எரிந்து கீட்டோன்தான் வரும். இரவுச் சாப்பாட்டை மறுபடி தொடங்கி, படுக்கும் முன் ஒரு சின்ன தின்பண்டம், ஒரு டம்ளர் பால் அல்லது ஒரு துண்டு ரொட்டி, வைத்துப் பாருங்கள். அப்படியும் காலை எண் 5.3க்கு மேலேயே நின்றால் இது சாப்பாட்டுப் பிரச்சினை இல்லை. உணவில் மட்டும் ஒன்றிரண்டு வாரம் போதும். அதற்கு மேல் காத்திருக்காமல் டாக்டரிடம் அனுப்புங்கள். மெட்ஃபார்மினோ, படுக்கும் நேரத்தில் மெதுவாக வேலை செய்யும் இன்சுலினோ, அளவை அவர் முடிவு செய்வார்.

இன்சுலின் என்றதும் அழுகை வரும். "கடைசி ஸ்டேஜா மிஸ்ஸி?" என்பார்கள், தோட்டத்தில் கால் எடுத்த தாத்தாவை நினைத்துக்கொண்டு. அவர்களுக்குத் தெரிய வேண்டியது, இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. பிரசவமானதும் பெரும்பாலும் நிறுத்திவிடுவார்கள். சர்க்கரை இறங்கிவிட்டால், அதாவது நடுக்கம், வியர்வை, மீட்டரில் 4.0க்குக் கீழே, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிட வேண்டும். இதை வீட்டில் இருக்கிற இன்னொருவருக்கும் சொல்லுங்கள். கடைசி மாதத்தில் காரணமே இல்லாமல் இன்சுலின் தேவை தடாலென்று குறைந்தால், "குணமாயிடுச்சு" என்று மகிழ வேண்டாம். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாததன் அறிகுறியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். குழந்தையின் அசைவு குறைந்தாலும் அப்படித்தான்.

கடைசியாக ஒன்று, பிரசவத்துக்கு முன்பே பேச வேண்டியது. குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் தாய்க்கு மறுபடி அந்த 75 கிராம் பரிசோதனை உண்டு. இம்முறை கணக்கு வேறு: வெறும் வயிற்றில் 7.0 அல்லது இரண்டு மணி நேரத்தில் 11.1 தொட்டால் நிரந்தர இனிப்பு நீர். சரியாக இருந்தாலும் வருடா வருடம் பார்க்க வேண்டும். பாதிப் பேர் ஏன் வருவதில்லை என்று கேட்டால் அலட்சியம் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காலையில் வெறும் வயிற்றோடு வர வேண்டும், இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், பால் குடிக்கிற குழந்தை மடியில் இருக்கும், கணவர் வேலைக்குப் போயிருப்பார். அதனால் 36 வாரத்திலேயே கேளுங்கள்: "அன்னிக்கு உங்ககூட யார் வருவாங்க, குழந்தையை யார் வச்சிருப்பாங்க?" பதில் வந்ததும் அந்தப் பெயரையும் தேதியையும் பிங்க் புக்கில் எழுதிவிடுங்கள்.